காற்றாலை வேலை நமக்கு ஒத்துவருமா? உள்ளே இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காற்றாலை தினமும் கண்ணில் படுகிற பொருள். அதனாலேயே அந்த வேலையைப் பற்றியும் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிவது பிளேடு சுற்றுவது மட்டும்தான். உள்ளே வேலை பார்க்கிறவர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், பகலில் பாதி நேரம் எதில் போகிறது, சம்பளம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அங்கே இருப்பவர் சொன்னால்தான் தெரியும்.

அவரிடம் போய் வேலை கேட்காமல், வேலையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேட்டுவிட்டு வருவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. எந்தத் துறைக்கும் இது பொருந்தும் என்றாலும், பொதுவாகச் சொன்னால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் காற்றாலைப் பராமரிப்பு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நாங்குநேரிப் பக்கம் ஒரு மாணவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.இ. எலக்ட்ரிகல், கடைசி வருஷம். இந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார்.

போவதற்கு முன் ஒரு தாள்

முதல் வேலை, அந்தத் துறையைப் பற்றி நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை எழுதிவிடுவது. நம் மாணவர் எழுதுவது நான்கு வரி. வீட்டிலிருந்தே போய்வரலாம். படித்த எலக்ட்ரிகல் அறிவுக்கு அங்கே வேலை இருக்கும். உயரத்துக்குப் பயமில்லை, டவர் ஏறிவிடலாம். கம்பெனி வேலை, ஐந்தாறு வருஷத்தில் மேலே போய்விடலாம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு வரி எழுத வேண்டும்: என்ன பதில் வந்தால் இந்த நம்பிக்கை தப்பு என்று ஒத்துக்கொள்வேன்? முதல் வரிக்கு எதிரே, "நான் பேசுகிறவர்களில் இரண்டு பேராவது முதல் மூன்று வருஷத்துக்குள் வெளிமாநில சைட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால்" என்று எழுதலாம். இரண்டாவதற்கு, "ஒரு வாரத்தில் சர்க்யூட் டயகிராமைப் பிரித்துப் பார்க்கிற நேரம் மொத்தம் அரை நாளுக்கும் குறைவாக இருந்தால்" என்று எழுதலாம். எண் எதுவாகவும் இருக்கட்டும், அது உங்கள் இஷ்டம். ஆனால் பேசப்போவதற்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். பேசி முடித்த பிறகு எழுத உட்கார்ந்தால், வந்த பதிலுக்கு ஏற்றபடி மனசு கோட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஆசைப்பட்டுவிட்ட வேலையில் இது கண்டிப்பாக நடக்கும்.

நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். பத்து நம்பிக்கைகளை ஒரே பேச்சில் சோதிக்க முடியாது.

யார் யாரிடம் பேசுவது

ஆறு பேர் போதும். ஆனால் ஆறு பேரும் ஒரே படியில் நிற்பவர்களாக இருந்தால் ஒருவரிடம் பேசியதற்குச் சமம்தான்.

சேர்ந்து ஒன்றரை, இரண்டு வருஷமான ஒருவர் வேண்டும். வந்த புதிதில் எது எதிர்பாராமல் இருந்தது என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். பத்து வருஷமானவருக்கு எல்லாமே பழகிப்போயிருக்கும். அடுத்து ஐந்திலிருந்து எட்டு வருஷ அனுபவம் உள்ள இரண்டு பேர், வேறு வேறு கம்பெனி, முடிந்தால் வேறு வேறு வகை மெஷின். 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் மெஷினைப் பார்ப்பவரின் நாளும், இரண்டு மெகாவாட்டுக்கு மேலான புது மெஷினைப் பார்ப்பவரின் நாளும் ஒன்றல்ல. பழையதில் பல, கம்பிச்சட்ட டவர்; வெளியே வெயிலிலும் காற்றிலும் ஏற வேண்டும். புதியதில் குழாய் டவருக்குள்ளேயே ஏணி, சிலவற்றில் லிஃப்ட்டும் உண்டு. நான்காவது ஆள் சைட் இன்சார்ஜ், அல்லது கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, எல்லா மெஷினின் நிலையையும் காட்டுகிற ஸ்காடா திரையைப் பார்ப்பவர். ஐந்தாவது, அதே சைட்டோடு ஒட்டிய வேறு வேலை செய்கிறவர்: துணை மின்நிலையத்தில் இருப்பவர், கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்க வைக்கிற ரிலே என்ற கருவியைச் சோதிக்கும் ரிலே டெஸ்டிங் செய்பவர், கிரேன் கான்டிராக்டர் மாதிரி.

ஆறாவது ஆள்தான் முக்கியம், ஆனால் பெரும்பாலும் விட்டுப்போகிற ஆளும் அவர்தான்: இந்த வேலையை விட்டுப் போனவர். சைட்டில் இன்று நிற்பவர்கள் எல்லாம் ஒத்துவந்து தங்கியவர்கள். ஒத்துவராமல் போனவர்கள் திருப்பூரிலோ துபாயிலோ, ஜங்ஷன் பக்கம் ஒரு கடையிலோ இருப்பார்கள். உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் எந்த வேலையும் பரவாயில்லை போலத்தான் தெரியும்.

பயிற்சி நிலையத்துக்கு ஆள் சேர்ப்பவரையும் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரியையும் இந்த ஆறில் சேர்க்கக் கூடாது. ஒருவர் விற்கிறார், இன்னொருவர் உங்களை எடை போடுகிறார். இரண்டிலும் உங்கள் கேள்விக்கு நேரான பதில் வராது.

ஆளைத் தேட முதலில் தோன்றுவது மாமா, சித்தப்பா வழிதான். அதைவிடக் கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள் மேல். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில் இதற்குக் காரணம் இருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்களே. எப்போதாவது பார்த்துக்கொள்கிற பழக்கத்திலிருந்துதான் புதுத் தகவல் வருகிறது. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மாமா மூலம் போனால், அவர் உங்களிடம் பேசுவதில்லை, மாமாவிடம் பேசுகிறார். குறை எதையும் சொல்ல மாட்டார்.

கல்லூரி பிளேஸ்மெண்ட் அலுவலகத்தில் மூன்றிலிருந்து ஆறு வருஷத்துக்கு முந்தைய பேட்ச் பட்டியலைக் கேளுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பது பட்டியல் இல்லாமலே தெரியும். லிங்க்ட்இன்னில் `wind O&M Tirunelveli` என்று தேடினால் வருபவர்களில் பெரும்பாலோர் இன்ஜினியர்கள், மேனேஜர்கள். டெக்னீஷியன்கள் அங்கே குறைவு. வள்ளியூரிலும் பணகுடியிலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் கேட்டால் அவர்கள் கிடைப்பார்கள். காலையில் சைட் வண்டிக்காக டீக்கடையில் நிற்பவரிடம் நம்பர் மட்டும் வாங்குங்கள். அந்த நேரத்தில் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், அவர் மனசு வண்டியில் இருக்கும்.

ஒவ்வொருவரிடமும் பேசி முடித்ததும் இன்னொரு பெயர் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் அப்படியே போனால் ஆறு பேரும் ஒரே கம்பெனிக்குள் அடங்கிவிடுவார்கள். அதனால் சங்கிலியை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்று கல்லூரி வழி, இன்னொன்று மெஸ் வழி என்பதுபோல.

கேட்கும் செய்தி

முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டால் வங்கிக் கடன் ஆள் என்று நினைத்துத் துண்டித்துவிடுவார். வாட்ஸாப்பில் முதலில் எழுதிவிடுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம் அண்ணே. நான் நாங்குநேரி பக்கம், பி.இ. எலக்ட்ரிகல் கடைசி வருஷம் படிக்கிறேன். உங்க நம்பர் பாலிடெக்னிக்ல உங்களுக்கு வகுப்பு எடுத்த சார் குடுத்தாங்க. காற்றாலை மெயின்டனன்ஸ் வேலை எனக்கு ஒத்துவருமான்னு முடிவு பண்றதுக்கு முன்னால, அந்த வேலையில இருக்கிற ஆறு பேர்கிட்ட பேசலாம்னு இருக்கேன். வேலைக்கு சிபாரிசு கேட்கலை. உங்க வேலை நாள் எப்படிப் போகும்னு மட்டும் ஒரு இருபது நிமிஷம் கேட்கணும். ஞாயிறு சாயங்காலமோ உங்களுக்கு லீவு உள்ள நாளோ, நேர்லயும் வரேன், போன்லயும் சரி."

இதில் ஐந்து விஷயம் இருக்கிறது: நான் யார், நம்பர் எப்படிக் கிடைத்தது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம், என்ன வேண்டாம். "சிபாரிசு கேட்கலை" என்ற வரியை விட்டுவிட்டால், படிக்கிறவர் அதைத்தான் கேட்கப்போகிறான் என்று எடுத்துக்கொள்வார்; பதில் வராது. அதை எழுதிவிட்டுப் பேச்சின் கடைசியில் பயோடேட்டாவை நீட்டினால், அவர் மட்டுமல்ல, அவர் சொல்லி அனுப்பப்போகும் அடுத்தவரும் கையை விட்டுப் போய்விடுவார்.

தம்மைவிடப் பத்து வயது வரை மூத்தவர் என்றால் அண்ணே, அதிகாரி நிலையில் இருப்பவர் என்றால் சார், மேடம். கிரேன் வைத்திருக்கிற கான்டிராக்டரிடம் அண்ணாச்சி என்று ஆரம்பித்தால் தப்பில்லை. பதில் வரவில்லையா, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவுபடுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். ஆறு பேர் கிடைக்க பதினைந்து பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பித்தால் சோர்வு வராது.

எந்த மாதம், எந்த நேரம்

இந்தத் துறைக்குச் சீசன் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசுகிற மே முதல் செப்டம்பர் வரைதான் இங்கே மின்சாரம் குவிகிற காலம். அந்த மாதங்களில் ஒரு மெஷின் ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் பெரிது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் மெஷின் வருஷத்தில் இத்தனை சதவீத நேரம் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அவர்கள் அதை அவைலபிலிட்டி என்பார்கள். சீசனில் ஜூலை மாதம் போய் இருபது நிமிஷம் கேட்டால், கொடுத்தாலும் பாதி மனசோடுதான் கொடுப்பார்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பேசுவதற்கு நல்ல காலம். வருடாந்தர சர்வீஸ், ஆயில் மாற்றுவது, போல்ட் இறுக்கத்தைப் பார்ப்பது என்று வேலை இருக்கும், ஆனால் அவசரம் இருக்காது. அதே நேரம் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. டிசம்பரில் பேசுகிறவர் டிசம்பர் வாழ்க்கையைத்தான் சொல்வார். அதனால் "ஆடி மாசம் இதே நாள் எப்படி இருக்கும்?" என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

பகலில் கூப்பிடாதீர்கள். டவரில் இருப்பவர் போனை எடுக்கவும் கூடாது. இரவு ஏழரைக்கு மேல், ஒன்பதுக்குள் சரியான நேரம். இடம், அவர் ரூமுக்குப் பக்கத்து டீக்கடையே போதும். அனுமதி இல்லாமல் சைட்டுக்குப் போய் நிற்க வேண்டாம். அங்கே 33 கிலோவோல்ட் லைன் இருக்கிறது, வாட்ச்மேனுக்கும் உங்களைச் சொன்னவருக்கும் சங்கடம். டீக்காசை அவர் கொடுக்க வந்தால் விட்டுவிடுங்கள். மூத்தவரிடம் மல்லுக்கட்டுவது நம் ஊரில் மரியாதை ஆகாது.

பேச்சு

முதல் இரண்டு மூன்று நிமிஷம் அவர் உங்களைக் கேட்பார். எந்த ஊர், யார் வீட்டுப் பையன், அப்பா என்ன செய்கிறார். சில நேரம் அந்தக் கேள்வி ஊரைத் தாண்டி வேறெதையோ தேடுகிறது என்பது இருவருக்குமே தெரியும். ஊர், படிப்பு, அப்பா தொழில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உங்கள் முதல் கேள்வியைப் போட்டுவிடுங்கள்.

அந்த முதல் கேள்வி "வேலை பிடிச்சிருக்கா?" என்று இருக்கக் கூடாது. அதற்கு வரும் பதில் "நல்ல வேலைதான் தம்பி" அல்லது "இந்தப் பக்கமே வந்துராத". இரண்டும் அன்றைய மனநிலை. நடந்ததைக் கேளுங்கள், அதுவும் நேற்று நடந்ததை. அப்படிக் கேட்டால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"நேத்து காலையில எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க அண்ணே?"

"ஆறரைக்கு வண்டி வந்துரும். நேத்து ரெண்டு மெஷின் நின்னுட்டு. ஒண்ணு ரீசெட்ல சரியாப் போச்சு. இன்னொண்ணுக்கு ஏற வேண்டியதாப் போச்சு."

"ஏறி என்ன பாத்தீங்க?"

"சென்சார் வயர் லூசு. அஞ்சு நிமிச வேலை. ஆனா பெல்ட்டு மாட்டி, ஏறி, சாமானை மேல இழுத்து, எறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆயிட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரிப்போர்ட்டு. போட்டோ எடுத்து ஏத்தி, ஸ்பேர் கணக்கு எழுதி, ஒரு மணி நேரம்."

இந்தச் சின்னப் பேச்சில் நம் மாணவரின் இரண்டாவது நம்பிக்கைக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்தது அந்த ஐந்து நிமிஷம். மீதி உடம்பு வேலையும் எழுத்து வேலையும். "வேலையில் சவால் இருக்குமா?" என்று கேட்டிருந்தால், "நிறைய இருக்கு" என்று சொல்லியிருப்பார், அதுவும் பொய் அல்ல. ஆனால் உங்களுக்கு உதவாது. ஒரு நாளை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். "இந்த மாதிரி நாள் வாரத்துல எத்தனை? ரொம்ப நேரம் யோசிச்சுக் கண்டுபிடிச்ச கோளாறு கடைசியா எப்ப வந்துச்சு?" என்று அடுத்துக் கேளுங்கள். "போன மாசம் ஒண்ணு, பிட்ச் கன்ட்ரோல்ல, ரெண்டு நாள் போட்டு மண்டையை ஒடைச்சோம்" என்று வந்தால் அளவு பிடிபடும். பிட்ச் கன்ட்ரோல் என்பது பிளேடின் கோணத்தைத் திருப்புகிற அமைப்பு.

இதே முறையில் மற்ற நம்பிக்கைகளுக்கும் ஒவ்வொரு கேள்வி. வீட்டிலிருந்து போய்வர முடியுமா என்பதற்கு, "சேர்ந்ததுலேர்ந்து எந்தெந்த ஊர்ல இருந்தீங்க, ஒவ்வொண்ணுலயும் எத்தனை மாசம்?" மேலே போவதற்கு, "உங்ககூட சேர்ந்தவங்க எத்தனை பேர், இப்ப யார் யார் எங்க இருக்காங்க?" எதிர்காலம் பற்றி அனுபவசாலியிடம் மட்டும் ஒன்று கேட்கலாம். பழைய சின்ன மெஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரியது வைப்பதற்கும், பழையதன் ஆயுளை நீட்டுவதற்கும் தமிழக அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டது. "இது வந்தா உங்க சைட்ல ஆள் கூடுமா, குறையுமா?" என்று கேளுங்கள். அதே காற்று, குறைந்த எண்ணிக்கையில் பெரிய மெஷின் என்றால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து சொல்வார்கள்.

சம்பளக் கேள்வியைப் பலரும் தப்பாகக் கேட்கிறார்கள். "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். "ரெண்டு வருஷம் ஆனவங்களுக்கு இந்தப் பக்கம் கையில எவ்வளவிலேர்ந்து எவ்வளவு வரை வரும்?" என்றால் சொல்லிவிடுவார். ஆனால் தொகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "சம்பளம் கம்பெனி கணக்குல வருதா, கான்டிராக்டர் கணக்குலயா?" ஒரே சட்டை, ஒரே டவர், ஆனால் ஒருவர் கம்பெனி ஆள், இன்னொருவர் கான்டிராக்டர் ஆள் என்பது சைட் வேலைகளில் சாதாரணம். பி.எஃப்., காப்பீடு, இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் இதில் மாறும். இன்ஜினியர் பட்டம் வாங்கியவரை எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள், எத்தனை வருஷம் கழித்து மாற்றுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மாற்றப்பட்ட ஆள் ஒருவரையாவது அவரால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அதுவே பதில்.

பெண்கள் இந்த வேலையைப் பற்றி விசாரிப்பதாக இருந்தால், கழிப்பறை, வண்டி, சீசனில் இரவு அழைப்பு மூன்றையும் ஒரு பெண் ஊழியரிடமே கேட்பது நல்லது. ஆண்களிடம் கேட்டால் "அதெல்லாம் பிரச்சனை இல்லம்மா" என்றுதான் வரும். அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். சைட்டில் பெண் ஊழியரே கிடைக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வேலையை வானளாவப் புகழ்ந்தால், "போன மாசத்துல ரொம்ப எரிச்சலான நாள் எது?" என்று கேளுங்கள். திட்டித் தீர்த்தால், "இதே வேலை வேற கம்பெனில, நல்ல இன்சார்ஜ்கிட்ட கெடைச்சா பாப்பீங்களா?" என்று கேளுங்கள். "அப்ப பாப்பேன்" என்றால் அவர் திட்டுவது மேலாளரை. "அப்பவும் வேண்டாம்" என்றால் வேலையை. வேலையை விட்டவரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இருபது நிமிஷம் என்று சொன்னால் இருபதாவது நிமிஷத்தில் நீங்களே நேரத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் "இரு தம்பி, இன்னொரு டீ சொல்லுதேன்" என்பார். பல நேரம் அந்த இரண்டாவது டீயில்தான் உண்மை வரும். ஒருவர் சொன்னதை அவர் பெயரோடு அடுத்தவரிடம் எடுத்துப்போகாதீர்கள். இந்தக் காற்றாலை வட்டாரம் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அன்று இரவே எழுதுவது

பேசும்போது நோட்டை விரித்து எழுதினால் எதிரே இருப்பவர் பேட்டி கொடுக்கிற குரலுக்கு மாறிவிடுவார். ரெக்கார்டிங் கூடவே கூடாது. வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பக்கம் எழுதினால் போதும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் அவர் சொன்ன நடந்த விஷயங்கள்: நேரம், ஊர், எண்ணிக்கை. இரண்டாவதில் அவருடைய அபிப்பிராயங்கள். மூன்றாவதில் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது.

மூன்றாவது பகுதியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பிட்ச் கன்ட்ரோல் கதையில் நீங்கள் நாற்காலி நுனிக்கு வந்தீர்களா? ஆயில் மாற்றுவதைச் சொல்லும்போது மனசு எங்கோ போனதா? வேலையை விளக்கிக் கேட்கும்போதே சலிப்புத் தட்டுகிற பகுதி, செய்யும்போது இனிக்கப்போவதில்லை. முடிவெடுக்கும்போது முதல் பகுதிக்கும் மூன்றாவது பகுதிக்கும்தான் மதிப்பு அதிகம். இரண்டாவது பகுதி அவருடைய வாழ்க்கை.

மறுநாள் ஒரு வரி நன்றி அனுப்புங்கள். "ரொம்ப நன்றி அண்ணே" என்று மட்டும் இல்லாமல், "கான்டிராக்டர் கணக்கு பற்றி நீங்க சொன்னது எனக்குத் தெரியாத விஷயம்" என்று எது உதவியது என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

பதில்கள் முட்டிக்கொண்டால்

முட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஒருவர் "நாலு வருஷமா வள்ளியூரைத் தாண்டலை" என்பார், இன்னொருவர் "சீசன் முடிஞ்சா குஜராத்" என்பார். யார் பொய் சொல்கிறார் என்று பார்க்காமல், இருவருக்கும் நடுவே எது வேறு என்று பாருங்கள். கம்பெனியா, பதவியா, மெஷின் வகையா? நம் மாணவரின் தாளில், தங்கியிருப்பவர்கள் டிப்ளமோ டெக்னீஷியன்கள், அனுப்பப்படுகிறவர்கள் இன்ஜினியர்கள் என்று தெரிய வந்தால், "வீட்டிலிருந்தே போய்வரலாம்" என்பது இன்ஜினியரான அவருக்குப் பொருந்தாத நம்பிக்கையாகிவிடும். அவர் முன்கூட்டியே போட்ட கோடு தாண்டப்பட்டுவிட்டது. இனி அதை இழுத்துப்பிடிக்கக் கூடாது.

அடுத்தடுத்து இரண்டு பேரிடம் பேசியும் தாளில் புதிதாக ஒரு வரியும் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஐந்தாவது, ஆறாவது ஆளிடம் அது பெரும்பாலும் நடக்கும். எட்டு, பத்து என்று போய்க்கொண்டே இருப்பது முடிவைத் தள்ளிப்போடுகிற வேலை.

பேச்சால் தெரியாதது

உயரம் ஒத்துவருமா என்பதை யார் சொல்லியும் தெரிந்துகொள்ள முடியாது. மூச்சும் காலும் தாங்குமா என்பதை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். 80 மீட்டர் டவர் என்பது, மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 27 மாடி. மூன்று மாடி ஏறுகிற கட்டடம் ஒன்றில் இறங்கி இறங்கி ஒன்பது தடவை ஏறிப் பாருங்கள். ஏணியில் கைக்கும் வேலை உண்டு, இடுப்பில் பெல்ட், கொக்கி எடையும் இருக்கும்; அதனால் படிக்கட்டில் திணறினால் டவரில் நிச்சயம் திணறுவீர்கள். படிக்கட்டில் திணறவில்லை என்பதற்காக டவரில் பயம் வராது என்று அர்த்தமில்லை. பயத்தைச் சோதிக்கிறேன் என்று ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஏறிவிடாதீர்கள். குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற அமைப்பின் தரப்படி நடத்தும் பாதுகாப்புப் பயிற்சியில் உயரத்தில் வேலை செய்வது ஒரு தனிப் பகுதி. பெல்ட் மாட்டி, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க ஏறுவது அங்கேதான். அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால் முதலில் பணம் கட்டிவிட்டு, பிறகு ஆட்களிடம் பேசப் போவது தலைகீழ். ஆறு பேச்சு முடிந்து, மற்ற வரிகள் தேறிய பிறகு கட்டுங்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சிச் செலவைக் கம்பெனியே ஏற்கிறதா என்பதையும் அந்த ஆறு பேரிடமே கேட்டுவிடலாம்.

நம் மாணவரின் தாள் கடைசியில் இப்படி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து போய்வருவது: இல்லை. படிப்புக்கு வேலை: டவர் பக்கம் குறைவு. உயரம்: தெரியாது. மேலே போவது: கம்பெனி கணக்கில் சேர்ந்தால் உண்டு. ஆனால் மூன்றாவது பகுதியில், ஆறு பக்கத்திலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. துணை மின்நிலையக்காரர் ரிலே ஏன் டிரிப் ஆனது என்று விவரித்தபோதும், பிட்ச் கன்ட்ரோல் கதையிலும்தான் அவர் நேரம் போவது தெரியாமல் கேட்டிருக்கிறார். அப்படியானால் அவருக்குப் பிடித்தது கோளாறைத் தேடுவது. காற்றாலை கண் முன்னால் நின்றதால் முதலில் அது தோன்றியிருக்கிறது.

இனி அவர் புதுத் தாள் எடுத்து, ரிலே டெஸ்டிங், துணை மின்நிலையப் பராமரிப்பு பற்றித் தான் நம்புவதை நான்கு வரி எழுத வேண்டும். முதல் ஆள் ஏற்கெனவே கையில் இருக்கிறார், அந்த ஐந்தாவது ஆள். அவரிடம் இந்தத் தடவை கேட்க வேண்டியது: "போன வாரம் எந்தெந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போனீங்க, ராத்திரி எங்க தங்குனீங்க?"